இசப்கோல் உமி

இசப்கோல் உமி என்பது பிளாண்டாகோ ஓவாட்டா எனும் சிறு செடியின் விதையை மூடியிருக்கும் மெல்லிய வெண்ணிறத் தோலாகும். மலச்சிக்கலுக்கு இரவில் ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளும் மருந்தாகவே பெரும்பாலோர் இதை அறிந்திருக்கின்றனர். இரத்தத்தில் உள்ள எல்டிஎல் கொழுப்பைக் குறைக்கவும் இது உதவுகிறது. ஆயினும் அப்பயனைப் பெறுவதற்கான அளவும் வேளையும் மலச்சிக்கலுக்கான வழக்கத்திலிருந்து வேறுபட்டவை.

செடியும் உமியும்

குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் குளிர்காலப் பயிராக விளையும் இச்செடி, உலகச் சந்தைக்குப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே செல்கிறது. குஜராத்தின் உஞ்சா நகரம் இதன் முதன்மையான வணிக மையம். படகு போல் குழிந்த விதையின் வடிவத்தைக் கொண்டு, ‘குதிரைக் காது’ என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து இசப்கோல் என்ற பெயர் வந்ததாகக் கூறுவர். விதையை அரைத்துப் புடைத்துப் பிரிக்கப்படும் உமி, விதையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும்.

உமியின் பெரும்பகுதி அராபினோசைலான் எனப்படும் நார்ப்பொருளால் ஆனது. இது நீரை ஈர்த்துப் பன்மடங்கு பருக்கும் தன்மையுடையது. ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி உமியைக் கலக்கி வைத்தால், சில நிமிடங்களில் நீர் கெட்டிப்பட்டு வழவழப்பான கூழாகிவிடுவதைக் காணலாம். பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் பல கரையும் நார்களை நொதிக்கச் செய்து சிதைத்துவிடுகின்றன; இசப்கோல் கூழோ அவற்றால் அதிகம் சிதைக்கப்படாமல் தன் வடிவத்தைத் தக்கவைத்துக்கொண்டே வெளியேறுகிறது.

எல்டிஎல் குறையும் விதம்

எல்டிஎல் என்பது கல்லீரலிலிருந்து புறப்படும் கொழுப்புத் துகள்களிலிருந்து உருவாகி, கொலஸ்ட்ராலைச் சுமந்தபடி இரத்தத்தில் சுற்றும் துகளாகும்; இது மிகும்போது தமனிச் சுவர்களில் படிவதால் ‘கெட்ட கொழுப்பு’ என்று வழங்கப்படுகிறது. உணவுக் கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலங்களைத் தயாரித்துச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. வேலை முடிந்தபின் அவற்றுள் சுமார் 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. இசப்கோல் கூழ் உணவோடு கலந்து குடலில் நகரும்போது பித்த அமிலங்களின் ஒரு பகுதியைத் தன்னுள் சிறைப்படுத்தி மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. இந்த இழப்பை ஈடுசெய்யக் கல்லீரல் புதிய பித்த அமிலங்களைத் தயாரிக்க வேண்டியிருப்பதால், அதற்கான கொலஸ்ட்ராலை இரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் துகள்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எனவே எல்டிஎல் அளவு இறங்குகிறது.

இவ்வாறு கூழின் கெட்டித்தன்மையே செயலின் அடிப்படையாக இருப்பதால், நார்ச்சத்துகள் அனைத்தும் இவ்வகையில் ஒன்றல்ல. கோதுமைத் தவிடு நீரில் கரையாது. இன்யூலின் கரைந்தாலும் கெட்டிப்படாது. அதனால் இவற்றுக்கு எல்டிஎல்லைக் குறைக்கும் ஆற்றல் இல்லை எனலாம்.

அளவு

இதய நோய் அபாயத்தைக் குறைப்பது குறித்த வாசகத்தை உணவுப் பொருள்களின் மேல் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998இல் இசப்கோலுக்கு அனுமதி அளித்தபோது, நாளொன்றுக்கு 7 கிராம் கரையும் நாரை அடிப்படையாக வைத்தது. இது ஏறத்தாழ 10 கிராம் உமிக்குச் சமம். உமி மிக லேசானது என்பதாலும், பொடியாக அரைத்தது முழு உமியைவிட அடர்த்தியானது என்பதாலும், கரண்டிக் கணக்கு ஏமாற்றிவிடும். பயன்படுத்தும் கரண்டியில் எவ்வளவு கொள்கிறது என்பதைச் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்வதே நம்பகமான வழி. அரை கிராம் உமி அடைத்த குளிகைகளாக வாங்குவோர், இந்த அளவை எட்ட நாளுக்கு இருபது குளிகைகள் விழுங்க வேண்டியிருக்கும். சர்க்கரையும் சுவையூட்டியும் கலந்த பொடிகளில் மொத்த எடையைவிடச் சிட்டையில் குறிக்கப்பட்டுள்ள நாரின் எடையையே கணக்கில் கொள்ள வேண்டும்.

முதல் நாளிலேயே முழு அளவைத் தொடங்கினால் வயிறு உப்புசமும் வாயுத் தொல்லையும் ஏற்படக்கூடும். ஆகவே நாளுக்கு 3 கிராம் அளவில் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை அதே அளவு கூட்டி, மூன்றாம் வாரத்தில் 10 கிராமை நெருங்குவது குடலுக்கு இதமானது.

வேளை

மலச்சிக்கலுக்கு உமியை இரவில் படுக்குமுன் எடுப்பது போதுமானது. மலத்தில் நீரைத் தக்கவைத்து இளக்குவதற்கு உணவு உடனிருக்க வேண்டியதில்லை. எல்டிஎல் குறைய வேண்டுமாயின் கூழ், உணவும் பித்த அமிலங்களும் குடலில் இருக்கும் நேரத்தில் அங்கிருக்க வேண்டும். உணவோடு கலந்தும் உணவுக்கு இடைப்பட்ட வேளையிலும் உமியைக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வில், உணவோடு எடுத்தபோதே கொலஸ்ட்ரால் குறைந்தது. எனவே நாளின் அளவை இரண்டு அல்லது மூன்றாகப் பிரித்து, வேளை உணவுகளுக்குச் சற்று முன்போ உணவோடோ எடுப்பது ஏற்றது. ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய குவளை, அதாவது குறைந்தது 240 மி.லி. நீரில் கலந்து, கெட்டிப்படும் முன் குடித்துவிட வேண்டும்.

விளைவின் அளவு

நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம் எடுத்தோரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் எல்டிஎல் சராசரியாக 7 விழுக்காடு அளவில் குறைந்தது. எல்டிஎல் 160 மி.கி./டெ.லி. உள்ள ஒருவருக்கு இது 11 மி.கி. குறைவு, அதாவது சுமார் 149. ஆனால் எந்த மாற்றமும் செய்யாதவரிடத்தும் எல்டிஎல் அளவு பரிசோதனைக்குப் பரிசோதனை ஏறக்குறைய இதே அளவு ஏறி இறங்கக்கூடும் என்பதால், ஒரே ஒரு பரிசோதனையைக் கொண்டு பலனை முடிவு செய்ய இயலாது. தொடங்குமுன் இரண்டு முறையும், முழு அளவை எட்டி எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் கழித்து இரண்டு முறையும், அதே ஆய்வகத்தில் பார்த்துச் சராசரிகளை ஒப்பிடுவதே நேரிய முறை. எச்டிஎல் எனப்படும் ‘நல்ல கொழுப்பு’ இதனால் குறிப்பிடத்தக்க மாற்றம் அடைவதில்லை.

ஸ்டாட்டின் மருந்துகளோடு ஒப்பிட்டால் இக்குறைவு சிறியது. நடுத்தர அளவிலான ஸ்டாட்டின் எல்டிஎல்லை 30 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கிறது. ஆகவே இதய நோய் உள்ளோருக்கும், எல்டிஎல் 190ஐ எட்டியோருக்கும் உமி மருந்துக்கு மாற்றாகாது. எனினும் ஸ்டாட்டினுக்குத் துணையாக இதன் மதிப்பு குறிப்பிடத்தக்கது: 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 10 மி.கி. சிம்வாஸ்டாட்டினோடு நாளுக்கு 15 கிராம் இசப்கோல் எடுத்தோரிடம் கண்ட குறைவு, 20 மி.கி. சிம்வாஸ்டாட்டின் மட்டும் எடுத்தோரிடம் கண்ட குறைவுக்கு ஒப்பாக இருந்தது.

எச்சரிக்கைகள்

போதிய நீரின்றி எடுத்தால் உமி தொண்டையிலேயே பருத்து அடைத்துக்கொள்ளும். மார்பில் வலி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் தோன்றினால் உடனடி மருத்துவ உதவி தேவை. விழுங்குவதில் குறைபாடோ குடல் சுருக்கமோ உள்ளோர் இதைத் தவிர்க்க வேண்டும். கூழ் பிற மருந்துகளின் உறிஞ்சலைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் அவற்றுக்கும் உமிக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரமும், தைராய்டு மாத்திரையாயின் நான்கு மணி நேரமும் இடைவெளி விடுவது வழக்கம். காலை வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை எடுப்போர், காலை உணவை விட்டு மதிய, இரவு உணவுகளோடு உமியை வைத்துக்கொள்ளலாம். உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தையும் உமி தணிப்பதால், இன்சுலின் எடுப்போர் தொடக்க வாரங்களில் சர்க்கரை அளவைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உமித் தூசியை நெடுநாள் சுவாசித்த செவிலியரிடமும் ஆலைத் தொழிலாளரிடமும் ஒவ்வாமை காணப்பட்டுள்ளது. அத்தகையோர் இதை உண்ணும்போது கடும் எதிர்வினை ஏற்படக்கூடும்.

உமியை நிறுத்தினால் பித்த அமிலங்கள் முன்போல் கல்லீரலுக்குத் திரும்பத் தொடங்கும். சில வாரங்களில் எல்டிஎல்லும் பழைய அளவை நோக்கி ஏறும். எனவே இதன் பயன், உணவோடு அன்றாடம் தொடர்ந்து எடுக்கும் வரையிலேயே நிலைக்கிறது.