டிப்ளமோ முடித்தவர்களின் முதல் ப்ரொஃபைல்: அப்ரண்டிஸ் பயிற்சியை எப்படி எழுதுவது?

திருவண்ணாமலையில் பாலிடெக்னிக் முடிக்கும் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் மாணவர்களுக்குத் தெரிந்த வழிகளில் ஒன்று, அரசு போக்குவரத்துக் கழகத்தின் (விழுப்புரம்) அப்ரண்டிஸ் பயிற்சி. திருவண்ணாமலை மண்டலம் இந்தக் கழகத்தின் கீழ்தான் வருகிறது. டிப்ளமோதாரர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி. மத்திய அரசின் nats.education.gov.in தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குத் தளம் வேறு: apprenticeshipindia.gov.in.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஏற்கெனவே ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்கள் இதில் சேர முடியாது என்று அறிவிப்புகளில் குறிப்பிடுவது வழக்கம். 'இப்போதைக்கு ஏதாவது ஒரு வேலை' என்று போய்விட்டு, பிறகு வரலாம் என நினைத்தால் கதவு மூடியிருக்கும்.

சரி, பயிற்சி முடிந்தது. ப்ரொஃபைலில் என்ன எழுதுவது?

"பஸ் டெப்போவில் ஓராண்டு வேலை செய்தேன், எல்லா பராமரிப்பும் தெரியும்." பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். இதில் இரண்டு சிக்கல். 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி பெறுபவர் தொழிலாளர் அல்ல. கிடைப்பது உதவித்தொகை, பி.எஃப். கணக்கு இருக்காது. 'அனுபவம் 1 ஆண்டு' என்று போட்டுவிட்டு, கம்பெனி சம்பளச் சீட்டோ பி.எஃப். எண்ணோ கேட்டால் திணற வேண்டியதுதான். 'டெக்னீஷியன் அப்ரண்டிஸ், 1 ஆண்டு' என்றே எழுதலாம், அதில் குறைவு எதுவும் இல்லை.

அடுத்த சிக்கல், 'எல்லாம் தெரியும்' என்பது. உதாரணத்துக்கு, பிரேக் பிரிவில் இருந்த ஒருவர் இப்படி எழுதலாம்:

"பிரேக் டிரம் கழற்றி லைனிங் தேய்மானம் பார்த்தல், ஸ்லாக் அட்ஜஸ்டர் சரிசெய்தல், ஏர் லீக் சோதனை. மெக்கானிக் மேற்பார்வையில் செய்தது."

இதைப் படிக்கும் இன்ஜினியர் உடனே கேட்பார்: "லீக்கை எப்படிக் கண்டுபிடிப்பே?" இன்ஜினை நிறுத்திவிட்டு கேஜில் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி குமிழி வருவதைப் பார்ப்போம் என்று சொல்ல முடிந்தால், அந்த ஒரு வரி வேலை செய்துவிட்டது. சொல்ல முடியாத வரியைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

சூபர்வைசர் வேலைக்கு விண்ணப்பித்தால் பார்வை மாறும். ஜாப் கார்டு எழுதியது, ஸ்டோரில் உதிரிபாகம் வாங்கிப் பதிவு செய்தது, ஷிப்ட் மாறும்போது பாக்கி வேலையை அடுத்தவரிடம் சொன்னது ஆகியவற்றை உண்மையிலேயே செய்திருந்தால் மேலே கொண்டு வரலாம். 'டீமை வழிநடத்தினேன்' என்று எழுதினால், எத்தனை பேர், யார் என்ற கேள்விதான் முதலில் வரும்.

பயிற்சி தந்த இடத்திலேயே வேலை தர வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. அதனால் செய்யாறு சிப்காட் போன்ற இடங்களுக்கும் இதே ப்ரொஃபைல்தான் போகும். பஸ் இல்லாத தொழிற்சாலை என்றால் ஏர் லைன், அளவுக் கருவி, பராமரிப்புப் பதிவு ஆகியவற்றை முன்னால் வைக்கலாம். ப்ரொஃபைலில் உள்ள பெயரும் இனிஷியலும் டிப்ளமோ சான்றிதழ், ஆதார், அப்ரண்டிஸ் சான்றிதழ் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அனுப்பும் முன்பே பார்த்துவிட வேண்டும்.