2.1 என்கிற எண்: தமிழ்நாடு ஏன் இவ்வளவு வேகமா வயசாகுது?

இந்த எபிசோடுல ஒரே ஒரு எண்ணைப் பத்திப் பேசப் போறோம். 2.1. ஒரு ஊர் இளமையா இருக்குமா, சீக்கிரம் வயசாகுமா என்பதை இந்த எண்தான் பெரும்பாலும் முடிவு பண்ணுது. கதை நம்ம மதுரைப் பக்கத்துலயே ஆரம்பிக்குது.

மதுரையில இருந்து திண்டுக்கல் போற வழியில, சின்னாளப்பட்டிக்குப் பக்கத்துல காந்திகிராமம் இருக்கு. 1947ல டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கின இடம். சௌந்தரம், டிவிஎஸ் நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்காரோட மகள். இளம் வயசுல முதல் கணவரை இழந்து, அதுக்கப்புறம் டெல்லி போய் மருத்துவம் படிச்சவர். திண்டுக்கல் அப்போ மதுரை மாவட்டத்துல இருந்துச்சு. 1985லதான் தனி மாவட்டம் ஆச்சு.

1959ல காந்திகிராமம் பக்கத்துல இருக்கிற ஆத்தூர் வட்டாரத்துல ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்குச்சு. (சேலம் பக்கத்து ஆத்தூர் இல்லைங்க, இது வேற.) பிரசவ கவனிப்பு, குழந்தை நலம், குடும்பக் கட்டுப்பாடு மூணையும் சேர்த்து, கிராமத்து ஆட்களை வைச்சே மக்கள்கிட்ட கொண்டு போறதுதான் திட்டம். 1964ல இதுக்குன்னே அங்க ஒரு கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனமும் வந்துச்சு. அடுத்த சில வருஷங்கள்லயே ஆத்தூர்ல பிறப்பு விகிதம் நல்லாவே இறங்குச்சு. பின்னாடி தமிழ்நாடு முழுக்க நடந்ததுக்கு இது ஒரு முன்னோட்டம்.

டிஎஃப்ஆர் எதை அளக்குது?

மொத்தக் கருவள விகிதம், சுருக்கமா டிஎஃப்ஆர். ஒரு பெண்ணுக்குச் சராசரியா எத்தனை குழந்தைங்கன்னு சொல்ற எண். ஆனா இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. இந்த வருஷத்துல 20 வயசுக்காரங்க எந்த விகிதத்துல குழந்தை பெத்தாங்க, 30 வயசுக்காரங்க எந்த விகிதத்துல பெத்தாங்கன்னு 15ல இருந்து 49 வரைக்கும் எடுத்து, எல்லாத்தையும் கூட்டுவாங்க. ஒரு கற்பனைப் பெண் தன் வாழ்நாள் முழுக்க இதே வருஷத்து விகிதப்படி வாழ்ந்தா எத்தனை பெத்திருப்பாங்க என்பதுதான் விடை.

அதனால எல்லாரும் கல்யாணத்தை ரெண்டு மூணு வருஷம் தள்ளிப் போட்டா, மொத்தக் குழந்தைகள் எண்ணிக்கை மாறாட்டாலும் அந்த வருஷங்கள்ல டிஎஃப்ஆர் கீழ விழுந்த மாதிரி தெரியும். ஒரே ஒரு வருஷத்து எண்ணை வைச்சு முடிவுக்கு வரக்கூடாதுங்கிறது இதனாலதான். ஆனா தமிழ்நாட்டோட இறக்கம் அப்படிப்பட்ட தோற்றம் இல்ல. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 1971ல 3.9. தொண்ணூறுகளோட நடுவுலயே 2.1 பக்கம் வந்தாச்சு. 2020ல 1.4.

ஏன் 2 இல்ல, 2.1?

அம்மா, அப்பா ரெண்டு பேர்; அவங்க இடத்தை நிரப்ப ரெண்டு குழந்தை போதுமேன்னு தோணும். ஆனா மக்கள்தொகைக் கணக்குல கேள்வியே வேற: ஒரு அம்மாவோட இடத்துக்கு, தானும் தாயாகுற வயசு வரைக்கும் உயிரோட இருக்கிற ஒரு மகள் வந்தாளா?

இயற்கையா 100 பெண் குழந்தைக்கு 105 ஆண் குழந்தை பிறக்குது. அப்போ ஒரு மகள் வேணும்னா சராசரியா 2.05 பிறப்பு வேணும். அந்த மகள்கள்ல 100க்கு 97 பேர் வளர்ந்து தாயாகுற வயசை எட்டினா, 2.05ஐ 0.97ஆல வகுக்கணும். வர்றது 2.11. இதுதான் பதிலீட்டு அளவு.

ஆக, 2.1 எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்துற எண் இல்ல. 1971ல தமிழ்நாட்டுல பிறந்த ஆயிரம் குழந்தைகள்ல 113 முதல் பிறந்தநாளுக்கு முன்னாடியே இறந்துச்சு. அந்தக் காலத்துப் பதிலீட்டு அளவு 2.1க்கு ரொம்ப மேல. 2020ல அந்த 113, 13 ஆகிடுச்சு. நாலு பெத்தா ரெண்டாவது மிஞ்சும்னு கணக்குப் போட்ட தலைமுறைக்கு, பெத்த குழந்தைங்க பிழைக்கும்ங்கிற நம்பிக்கை வந்த பிறகுதான் ரெண்டோட நிறுத்துற தைரியம் வந்துச்சு.

இந்தக் கணக்குக்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பகுதியில நடந்த பெண் சிசுக்கொலை பத்தி 1986ல இந்தியா டுடே எழுதினதும் நாடே அதிர்ந்துச்சு. 100 பெண் குழந்தைகள்ல கூடுதலா 10 பேரை இப்படி இழந்தா என்ன ஆகும்? 97 பேர் வளர வேண்டிய இடத்துல 87. பதிலீட்டு அளவு 2.36க்கு ஏறிடும். குடும்பங்கள் பழைய மாதிரியே பெத்தாலும், அடுத்த தலைமுறைத் தாய்மார்கள் குறைஞ்சிடுவாங்க.

நடு ஆள் எங்க நிக்கிறார்?

இப்போ இடைநிலை வயது. எல்லாரையும் வயசு வரிசையில நிறுத்தினா சரியா நடுவுல நிக்கிறவரோட வயசு. ஒரு கட்டைக் கணக்கு போடுவோம். ஊரை மூணு கூட்டமாப் பிரிப்போம்: 30க்குக் கீழே, 30 முதல் 60, 60க்கு மேலே. மூத்த தலைமுறை 100 பேரா இருந்து, அதுல 50 பேர் இப்போ உயிரோட இருக்காங்கன்னு வைப்போம்.

ஒவ்வொரு தலைமுறையும் இரட்டிப்பாகிற ஊர்ல 400, 200, 50 பேர் இருப்பாங்க. மொத்தம் 650, நடு ஆளுக்கு வயசு சுமார் 24. சரியா பதிலீட்டு அளவுல இருக்கிற ஊர்ல 100, 100, 50. நடு ஆளுக்கு 37. டிஎஃப்ஆர் 1.4ன்னா 2.1ல மூணுல ரெண்டு பங்கு. அங்க 44, 67, 50. நடு ஆளுக்கு 46.

மூணு ஊர்லயும் ஆயுசு ஒண்ணுதான். மாறினது கீழே இருந்து சேர்ற ஆட்களோட எண்ணிக்கை மட்டும்.

நிஜத்துல இந்த மாற்றம் ஒரே நாள்ல வராது. டிஎஃப்ஆர் 2.1ஐத் தொட்ட பிறகும், முன்னாடி பிறந்த பெரிய தலைமுறை தாயாகிட்டு இருக்கும். அதனால மக்கள்தொகை இன்னும் பல வருஷம் வளரும். "ஜனத்தொகை ஏறுதே, அப்புறம் எப்படி வயசாகுது?"ன்னு குழம்புறது இங்கதான். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும்.

வேகத்தை முடிவு பண்றது, பழைய உயரத்துல இருந்து பதிலீட்டு அளவைத் தாண்டி எவ்வளவு சீக்கிரம் கீழ வந்தோம் என்பது. பிரான்சுல கருவளம் நூறு வருஷத்துக்கும் மேல மெல்ல மெல்லக் குறைஞ்சது. அங்க 65 தாண்டினவங்க 7 சதவீதத்துல இருந்து 14 ஆக 115 வருஷம் ஆச்சு. தமிழ்நாட்டுல 60 தாண்டினவங்க 2011ல 10.4 சதவீதம், 2031ல 18.2 ஆகும்னு அரசோட கணிப்பு. அளவுகோல் கொஞ்சம் வேறதான், ஆனா வேகம் புரியும். இருபதே வருஷம்.

2024 அக்டோபர்ல ஒரு திருமண விழாவுல முதல்வர் ஸ்டாலின் பதினாறு குழந்தைங்க பெத்துக்கலாமேன்னு பாதி விளையாட்டாப் பேசினது வைரல் ஆச்சு. பதினாறை விடுங்க, நாளைக்கே 2.1க்குத் திரும்பினா என்ன ஆகும்? 2036ல அந்தக் குழந்தைகளுக்குப் பத்து வயசுகூட ஆகியிருக்காது. இடைநிலை வயதை அவங்க கொஞ்சம் கீழ இழுப்பாங்க, அவ்வளவுதான். 2036ல யாருக்கெல்லாம் 40, யாருக்கெல்லாம் 70 என்பது ஏற்கனவே முடிவாயிடுச்சு. அவங்க எல்லாரும் பிறந்தாச்சு.

ஆத்தூர்ல திட்டம் தொடங்கினப்போ பிறந்த குழந்தைக்கு இப்போ 60 தாண்டிடுச்சு. அஞ்சாறு பேரோட பிறந்த தலைமுறை அது. அவங்க பிள்ளைங்க ரெண்டு மூணு பேர், பேரப்பிள்ளை ஒண்ணோ ரெண்டோ. நம்ம தலைமுறை அந்த வரிசையில குறுகலான பக்கம் நிக்குது. பெத்தவங்களைப் பார்த்துக்கிற முறையை அண்ணன் தம்பி அஞ்சு பேர் பிரிச்சுக்கிட்ட வீட்டுல, நாளைக்கு அந்த முறை மொத்தமும் ஒரே ஆள்கிட்ட வரும்.