அதே வாக்குகள், வேறு ஆசனங்கள்: தொகுதி முறையும் விகிதாசார முறையும்

இலங்கை ஒரே நாட்டில் இரண்டு தேர்தல் முறைகளையும் கண்டது. எனவே வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

1977 பொதுத் தேர்தலில் தொகுதி முறை இருந்தது. ஒரு தொகுதியில் அதிக வாக்கு எடுத்தவருக்கே ஆசனம். தோற்றவர்களுக்கு விழுந்த வாக்குக்கு எந்தக் கணக்கும் இல்லை. ஐக்கிய தேசியக் கட்சி ஏறக்குறைய 51 சதவீத வாக்குகளுடன் 168 ஆசனங்களில் 140ஐ எடுத்தது. கிட்டத்தட்ட 30 சதவீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 8. ஆனால் 7 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களுடன் பிரதான எதிர்க்கட்சி ஆனது. அதன் வாக்குகள் வடக்கு, கிழக்கில் குவிந்திருந்ததே காரணம். எத்தனை வாக்கு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே அங்கு தீர்மானித்தது.

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1989இல்தான் பொதுத் தேர்தல் முதன்முறையாக அதன்படி நடந்தது. கணக்கை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். 7 ஆசனங்கள் உள்ள மாவட்டம் ஒன்றில் 2 இலட்சம் செல்லுபடியான வாக்குகள்: அ கட்சிக்கு 96,000, ஆ கட்சிக்கு 80,000, இ கட்சிக்கு 24,000. வாக்குகள் எல்லா இடங்களிலும் இதே அளவில் பரவியிருந்தால், தொகுதி முறையில் 7 ஆசனமும் அ கட்சிக்கே.

விகிதாசார முறையில், முதலிடம் பெற்ற அ கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மீதி 6 ஆசனங்களால் வாக்குகளை வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு 33,334. இதன்படி அ, ஆ இரண்டுக்கும் இரண்டிரண்டு. இன்னும் 2 ஆசனங்கள் மிச்சம். அவை எஞ்சிய வாக்குகள் அதிகமுள்ளவர்களுக்கு. அ கட்சியிடம் 29,332, இ கட்சியிடம் 24,000, ஆ கட்சியிடம் 13,332. ஆக அ 4, ஆ 2, இ 1.

ஆனால் இந்தக் கணக்குக்குள் வரவே ஒரு வாசல் உண்டு: வெட்டுப்புள்ளி. முதலில் அது 12.5 சதவீதம். இந்த மாவட்டத்தில் அது 25,000 வாக்கு. 24,000 பெற்ற இ கட்சி வெளியே நின்றிருக்கும், அந்த ஆசனம் ஆ கட்சிக்குப் போயிருக்கும். சிறு கட்சிகளுக்கு இது எவ்வளவு பெரிய தடை என்பதைச் சொல்லவே வேண்டாம். 1988இல் 15ஆவது திருத்தம் இதை 5 சதவீதமாகக் குறைத்தது. அதை வலியுறுத்தியவராக மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் பரவலாக நினைவுகூரப்படுகிறார். அடுத்த ஆண்டே அவரது முஸ்லிம் காங்கிரஸ் 4 உறுப்பினர்களுடன் பாராளுமன்றம் சென்றது.

வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் மட்டும் போதாது. நமது உதாரணத்தில் அந்த 24,000 பேரும் இரண்டு பட்டியல்களுக்குச் சரிபாதியாகப் பிரிந்து வாக்களித்திருந்தால், ஒவ்வொன்றும் 6 சதவீதத்துடன் உள்ளே வந்திருக்கும். ஆனால் 12,000 என்பது ஆ கட்சியின் மிச்சமான 13,332ஐ விடக் குறைவு. கடைசி ஆசனம் ஆ கட்சிக்கே. இரண்டு பட்டியலுக்கும் ஒன்றுமில்லை.