பேட்டன் கைமாறும் 30 மீட்டர்: பள்ளித் தொடரோட்ட அணிகளுக்குக் குறி வைக்கும் முறை

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் ஆண்கள் அணி 4×100 மீட்டர் தொடரோட்டத்தை 37.60 விநாடியில் முடித்து வெள்ளி வென்றது. அந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரைப் பத்து விநாடிக்குள் ஓடியதில்லை. அவர்களுக்குப் பதக்கம் தந்தது பேட்டன் மாற்றம். கம்பைநல்லூர் போன்ற சிற்றூர்களின் பள்ளி அணிகளுக்கும் எளிதில் கைக்கெட்டும் முன்னேற்றம் இதில்தான் இருக்கிறது.

2017 நவம்பரில் விதி மாறியது. முன்பு 10 மீட்டர் முடுக்கப் பகுதியும் 20 மீட்டர் மாற்றுப் பகுதியும் தனித்தனியாக இருந்தன. இப்போது 30 மீட்டரும் மாற்றுப் பகுதியே. பெறுபவர் நிற்கும் இடம் மாறவில்லை. முதல் 10 மீட்டரிலேயே பேட்டனை வாங்குவதும் செல்லும் என்றாகிவிட்டது. பள்ளி அணிகள் இந்தச் சலுகையைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் வாதம். அங்கே பெறுபவர் இன்னும் வேகம் பிடித்திருக்க மாட்டார். அவருக்காக வருபவர் வேகத்தைக் குறைக்க நேரிடும். 22 மீட்டரை ஒட்டி வாங்கினால் இருவர் வேகமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். கை நழுவினாலும் மறுபடி நீட்ட 8 மீட்டர் மிச்சமிருக்கும்.

ஒரு கணக்குப் போடலாம். நின்ற நிலையிலிருந்து பெறுபவர் 22 மீட்டரை 3.5 விநாடியில் கடக்கிறார். வருபவரின் கடைசி வேகம் விநாடிக்கு 8.4 மீட்டர், அதே நேரத்தில் அவர் 29.4 மீட்டர் ஓடுவார். இருவர் கையும் நீண்டிருப்பதால் இடையில் ஒரு மீட்டர் மிச்சம். எனவே பகுதிக்குள் அவர் ஓட வேண்டியது 21 மீட்டர். மீதி 8.4 மீட்டர் தூரத்தில் பகுதிக்கு முன்னால் குறி வைக்க வேண்டும். 28 செ.மீ. ஷூவால் அளந்தால் 30 அடி. வருபவர் அந்தக் குறியை மிதித்த கணமே பெறுபவர் திரும்பிப் பாராமல் கிளம்ப வேண்டும். செயற்கைத் தடத்தில் டேப் ஒட்டலாம்; மண் தடத்தில் தன் லேனுக்குள் கீறிக்கொள்ள விதி இடம் தருகிறது.

தவறு பெரும்பாலும் நேர்வது வருபவரின் வேகமாக எடுத்துக்கொண்ட 8.4 என்ற எண்ணில்தான். களைப்பில்லாத பையனை 40 மீட்டர் மட்டும் ஓடவிட்டுக் குறி வைக்கிறார்கள். போட்டியில் அவன் நூறு மீட்டர் ஓடி, விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்தால், 3.5 விநாடியில் 1.4 மீட்டர் பின்தங்குவான். பெறுபவரோ அப்போது 8 மீட்டரைத் தாண்டிய வேகத்தில் இருப்பார். அந்த இடைவெளி இனி மூடாது. “நில்லு, நில்லு” என்ற கத்தல் கேட்டால் கையை நொந்து பயனில்லை, குறி தூரமாக இருக்கிறது என்று பொருள். முதுகில் இடித்தால் குறி கிட்டத்தில் இருக்கிறது, அல்லது பெறுபவர் தாமதமாகக் கிளம்பியிருக்கிறார்.

சரிபார்க்க ஒரு செல்போன் காணொளி போதும். பேட்டன் பகுதிக்குள் நுழைந்து வெளியேறும் நேரத்தை எடுக்க வேண்டும். மேற்சொன்ன ஜோடிக்கு அது 3.4 விநாடியை ஒட்டி வரும். 8 மீட்டரிலேயே வாங்கினால் ஏறத்தாழ 0.2 விநாடி கூடும். மூன்று மாற்றங்களில் அது 0.6 விநாடி.

நின்றபடி கை மாற்றும் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு, உடற்கல்வி ஆசிரியர்கள் ஒவ்வொரு ஜோடிக்கும் முழு நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பிறகே குறி வைக்க வேண்டும்.