9 கிராம் தண்ணீரில் எத்தனை ஆக்ஸிஜன் அணுக்கள்? மோல் கணக்கு உருவான வரலாறு

9 கிராம் தண்ணீர் இரண்டு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அதில் எத்தனை மூலக்கூறுகள் என்று கேட்டால் இன்றைய மாணவர் 9ஐ 18ஆல் வகுப்பார். அரை மோல் வரும். அதை 6.022 × 10²³ஆல் பெருக்கினால் 3.011 × 10²³ மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் மூன்று அணுக்கள் இருப்பதால் மொத்தம் 9.033 × 10²³ அணுக்கள். இந்தக் கணக்கில் நம் கண்ணை ஈர்ப்பது அந்தப் பெரிய எண்தான். ஆனால் வேதியியலாளர்கள் ஐம்பது ஆண்டுகள் முட்டிமோதியது 18 என்ற சின்ன எண்ணோடு.

ஜான் டால்டன் 1808இல் தம் அணுக்கொள்கை நூலை வெளியிட்டபோது, தண்ணீரை ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் சேர்ந்தது என்று கொண்டார். அதாவது HO. இதற்குச் சோதனைச் சான்று ஏதும் இல்லை. இரு தனிமங்களுக்கு ஒரே ஒரு சேர்மம்தான் தெரியும் என்றால் அது ஒன்றுக்கு ஒன்று என்ற எளிய சேர்க்கையாகவே இருக்கும் என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. அவருடைய எடைகள் துல்லியமாக இல்லாததால் ஆக்ஸிஜனின் அணு நிறையை 7 என்றார். எடைகளைத் திருத்தினால் 8 வரும். அப்போது தண்ணீரின் நிறை 9. அந்தக் கணக்கை இன்றைய முறையில் நீட்டிப் பார்ப்போம். 9 கிராம் தண்ணீர் முழுதாக ஒரு மோல் ஆகிவிடும், மூலக்கூறுகள் 6.022 × 10²³. ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கையில் மாற்றமில்லை, இரு கணக்கிலும் 6.022 × 10²³தான். ஆக்ஸிஜன் அணுக்கள் மட்டும் இரு மடங்காகிவிடுகின்றன. தராசு இரண்டு விடைகளையும் ஒப்புக்கொள்ளும்: இரண்டிலும் 1 கிராம் ஹைட்ரஜன், 8 கிராம் ஆக்ஸிஜன். எடையை மட்டும் வைத்துக்கொண்டு எது சரி என்று சொல்ல வழியே இல்லை.

வழி வாயுக்களின் கன அளவில் இருந்தது. இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்ஸிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி கிடைக்கிறது என்பதைக் கே-லூசாக்கின் ஆய்வுகள் காட்டின. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811இல் அவகாட்ரோ எழுதினார். அப்படியானால் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு பிளந்து இரண்டு நீர் மூலக்கூறுகளுக்குள் போக வேண்டும். ஆக்ஸிஜன் மூலக்கூறே இரட்டை அணுவாக இருக்க வேண்டும். ஒரே வகை அணுக்கள் இரண்டு ஒட்டிக்கொள்ளும் என்பதை அன்றைய வேதியியல் ஏற்கவில்லை. எதிரெதிர் மின்தன்மைதான் அணுக்களை இணைக்கிறது என்ற பெர்சீலியஸின் கொள்கைக்கு அதில் இடமில்லை. விளைவு பெருங்குழப்பம். 1861இல் வெளிவந்த கெக்குலேயின் பாடநூல் அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் 19 வாய்பாடுகளைப் பட்டியலிடுகிறது.

முடிச்சை அவிழ்த்தவர் இத்தாலியரான ஸ்டானிஸ்லாவோ கானிசாரோ. 1858இல் தம் மாணவர்களுக்கான பாடத்திட்டமாக அவர் எழுதியதன் பிரதிகள் 1860 செப்டம்பரில் கார்ல்ஸ்ரூ மாநாட்டின் முடிவில் விநியோகிக்கப்பட்டன. முறை இதுதான். ஹைட்ரஜன் மூலக்கூறின் நிறையை 2 என்று வைத்துக்கொள். ஒரு வாயு ஹைட்ரஜனைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தியோ அதை இரட்டித்தால் அதன் மூலக்கூறு நிறை. நீராவி 9 மடங்கு, எனவே 18. தண்ணீரின் எடையில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆக்ஸிஜன் என்பது பகுப்பாய்வு. எனவே அந்த 18இல் 16 ஆக்ஸிஜன். கார்பன் மோனாக்சைடு 28, அதிலும் ஆக்ஸிஜன் 16. கார்பன் டைஆக்சைடு 44, அதில் 32. ஆக்ஸிஜன் வாயுவே 32. எந்தச் சேர்மத்தை எடுத்தாலும் ஆக்ஸிஜனின் பங்கு 16க்குக் கீழே இறங்கவில்லை, 16இன் மடங்காகவே வந்தது. ஆகவே அணுவின் நிறை 16. தண்ணீரின் வாய்பாடு H₂O. 8 பங்கு ஆக்ஸிஜன் உள்ள ஒரு சேர்மம் பின்னால் கிடைத்திருந்தால் இந்த முடிவைத் திருத்த வேண்டியிருந்திருக்கும். அப்படி ஒன்று கிடைக்கவேயில்லை. இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்த இடம் இதுதான்: ஓர் அணுவைக்கூடப் பார்க்காமல், எத்தனை அணு என்பதை வெறும் அடர்த்தியையும் சதவீதத்தையும் கொண்டு நிறுவியிருக்கிறார்.

பெரிய எண் இதற்குப் பிறகே வந்தது. 1865இல் லோஷ்மிட் காற்று மூலக்கூறின் விட்டத்தை மதிப்பிட்டார். அதிலிருந்து எண்ணிக்கையைக் கணக்கிட வழி பிறந்தது. ‘மோல்’ என்ற சொல்லை 1890களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஓஸ்ட்வால்டு அப்போது அணுக்கள் உண்மையில் உள்ளன என்பதையே நம்பாதவர். அவருக்கு மோல் என்பது மூலக்கூறு நிறைக்குச் சமமான கிராம் எடை மட்டுமே. பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரேன் காம்போஜ் என்னும் மஞ்சள் பிசினின் நுண்துகள்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உயரம் கூடக்கூட அவை எப்படி அருகுகின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணினார். அதிலிருந்து ஒரு மோலில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, 1909இல் அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். அவர் பெற்ற மதிப்பு இன்றையதைவிடச் சற்று அதிகம். ஓஸ்ட்வால்டும் அந்தக் காலகட்டத்தில் அணுவை ஏற்றுக்கொண்டார். 2019 மே 20 முதல் இந்த எண் அளந்து பெறும் மதிப்பு அல்ல, 6.02214076 × 10²³ என்று வரையறுத்து நிறுத்தப்பட்டுவிட்டது.

டால்டன் இடறிய இடத்தில் மாணவர்கள் இன்றும் இடறுகிறார்கள். ‘16 கிராம் ஆக்ஸிஜன் எத்தனை மோல்?’ என்று மொட்டையாகக் கேட்டால், அணுக்களாக எண்ணினால் ஒன்று, மூலக்கூறுகளாக எண்ணினால் அரை. இதனால்தான் 1971இல் மோல் சர்வதேச அடிப்படை அலகானபோது, எண்ணப்படும் பொருள் அணுவா, மூலக்கூறா, அயனியா என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று வரையறையிலேயே எழுதிவைத்தார்கள். உப்பில் இது இன்னும் கூர்மையாகிறது. 58.5 கிராம் சோடியம் குளோரைடில் மூலக்கூறு என்று ஒன்றுமே இல்லை, 6.022 × 10²³ சோடியம் அயனிகளும் அதே அளவு குளோரைடு அயனிகளும் படிகத்தில் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன.