கபுர் இல்லாதவருக்குக் கேள்வி கணக்கு உண்டா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுசேரும் திருமுக்கூடலில், வெள்ளக் காலத்தில் மூன்று ஆறுகளின் நீரும் ஒரே பெருக்காக ஓடும். அப்படியொரு நாளில் மத்ரஸாவில் கபுருடைய பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். மாணவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், ஆற்றோடு போய் மய்யித்தே கிடைக்காதவருக்குக் கபுர் ஏது? அவரிடம் முன்கர் நகீர் எங்கே வந்து கேட்பார்கள்?” என்றான். கேள்வி சிறியதன்று. கடலிலும் ஆற்றிலும் உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்கள் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருப்பதும் இதுவே.

மறுமையைக் கேள்வி பதிலாகக் கற்பது நம் தமிழ் முஸ்லிம்களின் பழைய வழக்கம். முழுமையாகக் கிடைக்கும் முதல் தமிழ் இஸ்லாமிய இலக்கியமே அவ்வகையில் அமைந்ததுதான். 1572ஆம் ஆண்டில் வண்ணப்பரிமளப் புலவர் மதுரையில் அரங்கேற்றிய ‘ஆயிர மசலா’ அது. சீறாப்புராணத்துக்கு நூறாண்டுகளுக்கும் மேல் முந்தியது. மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்க, நபி (ஸல்) அவர்கள் விடை பகர்வதாக அந்நூல் செல்கிறது. படைப்பு, மலக்குகள், சொர்க்கம், நரகம், கியாமத் நாள் என அது விரியும். இதே கதை 1143இல் லத்தீனிலும், பின்னர் மலாய், ஜாவா மொழிகளிலும் ஆக்கப்பட்டது.

ஆயினும் ஸஹீஹுல் புகாரியில் பதிவான நிகழ்வில் இப்னு ஸலாம் (ரலி) கேட்டவை மூன்றே கேள்விகள். கியாமத்தின் முதல் அடையாளம் எது, சொர்க்கவாசிகளின் முதல் உணவு எது, குழந்தை தாயையோ தந்தையையோ ஒத்திருப்பது ஏன் என்பனவே அவை. விடைகளைக் கேட்டு அவர் இஸ்லாத்தை ஏற்றார். மூன்று ஆயிரமாக வளர்ந்தது பிற்காலக் கதைசொல்லிகளின் கைவண்ணம். ஆகவே ஆயிர மசலாவை நம் மொழியின் செல்வமாகப் போற்றுவோம்; அகீதாவை அதிலிருந்து எடுக்கமாட்டோம். அகீதாவுக்குக் குர்ஆனும் ஸனது உறுதியான ஹதீஸுமே ஆதாரம்.

மாணவனின் கேள்வியையும் அங்கேயே கொண்டுசென்றோம். இறந்தவர்களுக்கும் அவர்கள் எழுப்பப்படும் நாளுக்கும் இடையே ‘பர்ஸக்’ என்னும் திரை இருப்பதாக 23ஆம் அத்தியாயத்தின் 100ஆம் வசனம் கூறுகிறது. அங்கே குழியைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ பேச்சில்லை. பெரும்பாலோர் மண்ணில் அடக்கப்படுவதால் அந்த இடைக்கால வாழ்வுக்குக் ‘கபுர் வாழ்வு’ என்று பெயர் வந்தது. பெயர் வழக்கத்தால் வந்தது. நிலையோ எல்லா மய்யித்துக்கும் பொது.

இதற்குத் தெளிவான சான்று ஃபிர்அவ்னுடைய கூட்டத்தார். அவர்களைக் கடல் கொண்டது. எவரும் குழி வெட்டி அடக்கவில்லை. ஆனாலும் அவர்கள் காலையிலும் மாலையிலும் நெருப்பின் முன் காட்டப்படுகிறார்கள் என்றும், கியாமத் நாளில் அதைவிடக் கடுமையான வேதனையில் நுழைவிக்கப்படுவார்கள் என்றும் 40ஆம் அத்தியாயத்தின் 46ஆம் வசனம் சொல்கிறது. இரண்டு கட்டங்களையும் ஒரே வசனம் பிரித்துக் காட்டுவதால், கபுர் வேதனைக்கு நம் உலமாக்கள் இதை ஆதாரமாகக் கொண்டனர்.

நல்லெண்ணம் தரும் சான்று புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. முன் சமுதாயத்தில் பாவத்தில் வரம்பு மீறிய ஒருவர், தாம் இறந்ததும் உடலை எரித்துச் சாம்பலைக் காற்றிலும் கடலிலும் தூவிவிடுமாறு பிள்ளைகளிடம் சொல்லிப்போனார். அவ்வாறே செய்தார்கள். அல்லாஹ் கட்டளையிட, சிதறியவை யாவும் ஒன்றுசேர்ந்தன. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கப்பட்டபோது, உன்னை அஞ்சியே செய்தேன் என்றார். அவர் மன்னிக்கப்பட்டார். சாம்பலையே ஒன்றுசேர்ப்பவனுக்கு, ஆற்றோடு போன உடல் எட்டாத தொலைவில் இருக்குமோ?

அதனால் கபுர் கண்ணில் தென்படவில்லையே என்று எவரும் நெஞ்சுடைய வேண்டாம். நீரில் மூழ்கி இறந்த முஃமினை ஷஹீத்களுள் ஒருவராக நபி (ஸல்) எண்ணியுள்ளார்கள். அடக்கம் முடிந்தபின் கபுரருகே நின்று, சகோதரருக்காகப் பாவமன்னிப்பும் உறுதியும் கேளுங்கள், இப்போது அவர் விசாரிக்கப்படுகிறார் என்றும் கற்பித்தார்கள். அந்த துஆவை வீட்டிலிருந்தும் கேட்கலாம். அது சென்றடையக் குழியின் அடையாளம் தேவையில்லை.

நாம் அஞ்சவேண்டியது வேறொன்று. நபி (ஸல்) இரு கபுர்களைக் கடந்து சென்றபோது, உள்ளிருப்போர் இருவரும் வேதனை செய்யப்படுவதாகச் சொன்னார்கள். ஒருவர் சிறுநீரிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவில்லை. மற்றவர் கோள் சொல்லித் திரிந்தார். இரண்டும் அன்றாடம் நாம் அற்பமாக எண்ணிக் கடப்பவை. மாணவனின் கேள்வி உடல் எங்கே கிடக்கும் என்பது. நம்மிடம் கேட்கப்படப்போவதோ, உன் ரப்பு யார், உன் தீன் எது, உன்னிடம் அனுப்பப்பட்டவர் யார் என்பவை.

அவ்விடைகளில் நம் நாவுகளை உறுதியாக்குவானாக. ஆமீன்.