எந்த வால்வை மூடுவது? சான் பிரான்சிஸ்கோவின் இரண்டு பூகம்பங்கள்

தெருவுக்கு அடியில் ஒரு பெரிய குழாய் வெடித்துவிட்டது. தண்ணீர் பீறிடுகிறது. யாரைக் கேட்டாலும், "வால்வை மூடுங்க" என்பார்கள். சரி, எந்த வால்வை? எத்தனை வால்வை? சான் பிரான்சிஸ்கோ நகரம் இந்தக் கேள்வியை இரண்டு பூகம்பங்களில் சந்தித்தது.

முதலாவது 1906 ஏப்ரல் 18. நகருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது ஸ்பிரிங் வேலி என்ற தனியார் கம்பெனி. பூகம்பத்தில் தெருக்களின் மெயின் குழாய்கள் சுமார் 300 இடங்களில் உடைந்தன. வீட்டு இணைப்புகள் இருபதாயிரத்துக்கும் மேல் அறுந்தன. சேதம் நகரெங்கும் ஒரே மாதிரி இல்லை. பழைய ஓடையையும் சதுப்பையும் மண்ணால் நிரப்பி, அதன்மேல் தெரு போட்ட இடங்களில்தான் மிக அதிகம். வலென்சியா தெருவில் அப்படியொரு இடத்தில் மண் இளகி நகர்ந்தது. அதன் அடியில் போன 16 அங்குல, 20 அங்குலக் குழாய்கள் இரண்டும் அறுந்தன. மேலே காலேஜ் ஹில் நீர்த்தேக்கத்தில் இருந்த ஐந்து கோடி லிட்டருக்கும் மேலான தண்ணீர் அந்த உடைப்பு வழியாகவே வடிந்துபோனது. நீர்த்தேக்கம் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் இருந்தது, அது தீயணைப்பு வீரர்களின் கைக்கு வரவில்லை. தீ மூன்று நாளுக்கு மேல் எரிந்தது.

நகரம் இதில் கற்ற பாடம் எளிமையானது. உடைவதைத் தடுக்க முடியாது. உடைந்த பகுதியைத் துண்டிக்க முடிய வேண்டும். 1909 முதல் 1913 வரை, தீயணைப்புக்கென்றே தனியாக ஓர் உயர் அழுத்தக் குழாய் அமைப்பைக் கட்டினார்கள். ட்வின் பீக்ஸ் குன்றில் நீர்த்தேக்கம், அதற்குக் கீழே ஆஷ்பரி தொட்டி, அதற்கும் கீழே ஜோன்ஸ் தெருத் தொட்டி. தண்ணீர் தன் எடையாலேயே இறங்கி வரும். நிரப்பிய மண் உள்ள பகுதிகளை "பலவீனப் பகுதி" என்று தனியே குறித்து, அங்குள்ள குழாய்களை மற்றவற்றிலிருந்து வெட்டிவிட வால்வுகள் வைத்தார்கள்.

கதையை இங்கே நிறுத்திவிட்டு, துண்டிப்பது என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்க வால்வை மூடினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். மரக்கிளை போலப் பிரிந்து முட்டுச்சந்தில் முடியும் குழாய்க்கு அது சரி. நகரக் குழாய்கள் பெரும்பாலும் வலைபோல இணைந்தவை. ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். அதனால் ஓட்டத்தின் திசையை மறந்துவிட வேண்டும். உடைப்பிலிருந்து தொடங்கி, குழாய் போகும் எல்லா வழியிலும் வரைபடத்தில் விரல் வைத்துப் போக வேண்டும். வால்வு வந்தால் அந்த வழியில் நிறுத்தம். சந்திப்பு வந்தால் அதன் எல்லாக் கிளைகளிலும் தொடர வேண்டும். அவ்வளவுதான் விதி.

ஒரு கற்பனை உதாரணம். மேற்கு முனை, கிழக்கு முனை என்ற இரண்டு நாற்சந்திகளுக்கு நடுவே குழாய் வெடித்திருக்கிறது. மேற்கே போனால் முனைக்குச் சற்று முன்பே ஒரு வால்வு. அந்தப் பக்கம் முடிந்தது. கிழக்கே போனால் முனைவரை வால்வே இல்லை. இது அபூர்வமில்லை, நான்கு குழாய் சேரும் இடத்தில் மூன்று வால்வு மட்டும் வைத்துச் செலவைக் குறைப்பது பழைய வழக்கம். ஆகவே சந்திப்பைத் தாண்டி அதன் மற்ற மூன்று கிளைகளிலும் போகிறோம். வடக்கு, தெற்கு, கிழக்கு மூன்றிலும் ஒவ்வொரு வால்வு. மொத்தம் நான்கு.

இப்போது தெற்கு வால்வு துருப்பிடித்து அசையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு வால்வே இல்லை என்று எண்ணி, தெற்கே அடுத்த முனைவரை போக வேண்டும். அங்கே மற்ற மூன்று கிளைகளிலும் வால்வு இருந்தால் அந்த மூன்றையும் மூட வேண்டும். நான்கு, ஆறாகிவிட்டது. கூடவே ஒரு தெரு முழுக்கத் தண்ணீர் இழந்தது. இன்னொன்றும் பார்க்க வேண்டும்: மூடிய வால்வுக்கு வெளியே இருந்தும், வேறு வழியில்லாமல் காய்ந்துபோகும் முட்டுச்சந்து வீடுகள். உடைப்பு அவர்கள் தெருவில் இல்லை, தண்ணீர் மட்டும் வராது.

இந்தப் பார்வையை 1993-இல் டாம் வால்ஸ்கி என்ற பொறியாளர் ஒரு கட்டுரையில் தெளிவாக எழுதினார். வால்வுகளுக்கு நடுவே அடைபடும் பகுதிதான் அலகு, ஒற்றைக் குழாய் அல்ல என்பது அவர் சொன்னது. இன்றைய வரைபட மென்பொருள்கள் நொடியில் செய்வதும் நாம் மேலே விரலால் செய்ததைத்தான். மென்பொருளுக்கு வால்வு அசையுமா என்று தெரியாது. அதைத் தெருவில் இறங்கித்தான் அறிய முடியும். 12 அங்குல கேட் வால்வு முழுக்க மூட ஏறக்குறைய 38 சுற்று வேண்டும். இருபதில் நின்றுவிட்டால் அது மூடவில்லை என்று பொருள். அவசரமாகச் சுற்றவும் கூடாது. ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்த அதிர்ச்சி எழுந்து இன்னொரு குழாயை உடைக்கும்.

இப்போது இரண்டாவது பூகம்பம். 1989 அக்டோபர் 17, மாலை 5:04. ஏழாவது தெருவில், மிஷன் தெருவுக்கும் ஹோவர்ட் தெருவுக்கும் நடுவே, தீயணைப்பு அமைப்பின் 12 அங்குலக் குழாய் ஒன்று உடைந்தது. வேறு சில ஹைட்ரன்ட்களும் முறிந்தன. ஜோன்ஸ் தெருத் தொட்டியில் இருந்தது சுமார் 28 லட்சம் லிட்டர். அரை மணி நேரத்துக்குள் அத்தனையும் போய்விட்டது. நிமிடத்துக்குத் தொண்ணூறாயிரம் லிட்டருக்கும் மேல்! உடைப்புகள் நகரின் கிழக்குப் பகுதியில். தொலைவில் வடக்குக் கரையில், மரீனா பகுதியில் ஒரு நான்கு மாடி மரக்கட்டடம் எரிந்துகொண்டிருந்தது. அங்கே ஹைட்ரன்ட்டைத் திறந்தால் தண்ணீர் இல்லை. எல்லாம் ஒரே வலை அல்லவா?

வால்வுகள் இருந்தன. நேரம்தான் இல்லை. மின்சாரம் போன நகரத்தில், எங்கே உடைந்தது என்று முதலில் தெரிய வேண்டும். பிறகு எந்த வால்வுகள் என்று தேட வேண்டும். பிறகு ஆள் அங்கே போய்ச் சேர வேண்டும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. தொட்டி காலியானதும் பீறிடலும் நின்றுவிடும், உடைப்பைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமே போய்விடும். துண்டிக்காமல் மறுபடி தண்ணீர் விட்டால் அதுவும் அதே ஓட்டை வழியே போகும்.

மரீனாவைக் காப்பாற்றியது வலைக்கு வெளியே இருந்த ஒன்று. ஃபீனிக்ஸ் என்ற தீயணைப்புப் படகு கடல்நீரை இறைக்க, அகலமான குழல்களைத் தெருவின்மேல் விரித்து அதைக் கொண்டுபோனார்கள். அன்று காற்றும் பெரிதாக இல்லை. அது அதிர்ஷ்டம்.

1906-இல் ஐந்து கோடி லிட்டர், 1989-இல் 28 லட்சம். இரண்டிலும் தண்ணீர் போனது ஒரே காரணத்தால்: உடைப்பைச் சுற்றி வேலி அடைபடவில்லை. எண்பது வருடத்தில் வேலியின் கதவுகள் வந்துவிட்டன. தொட்டி வற்றும் முன் அவற்றைச் சாத்த அரை மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. உங்கள் ஊர்த் தண்ணீர் வாரியத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால், எத்தனை வால்வு இருக்கிறது என்று கேட்காதீர்கள். கடைசியாக எப்போது அவற்றைச் சுற்றிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.